குப்பை மாற்று நிலையம்: நெரிசல் நேரத்தை வைத்து அளவிடும் முறை

காலையில் தெருவுக்கு வரும் சிறிய குப்பை வண்டி ஏறத்தாழ அரை டன் குப்பையைத்தான் ஏற்ற முடியும். அந்த அரை டன்னைச் சுமந்துகொண்டு 25 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பதப்படுத்தும் ஆலைக்கு அது போய்த் திரும்பினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். அன்றைய இரண்டாவது சுற்றுக்கு ஓட்டுநருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் நேரம் இருக்காது. ஆகவே நகருக்குள்ளேயே ஓரிடத்தில் சிறிய வண்டிகள் குப்பையைக் கொட்டிவிட்டு உடனே தெருவுக்குத் திரும்புகின்றன. அங்கே அந்தக் குப்பை அழுத்தப்பட்டு, பெரிய லாரிகளில் ஏறித் தொலைவுக்குப் போகிறது. அந்த இடமே குப்பை மாற்று நிலையம். இந்தூர் நகரில் இத்தகைய நிலையங்கள் பத்து இயங்குகின்றன. அங்கே மக்கும் குப்பையும் மக்காத குப்பையும் ஹாப்பர் எனப்படும் தனித்தனிக் கொட்டுதொட்டிகளில் கொட்டப்படுகின்றன; அழுத்தி நிரப்பப்பட்ட கன்டெய்னர்கள், கொக்கிக் கையால் அவற்றை இழுத்து ஏற்றிக்கொள்ளும் ஹூக் லோடர் லாரிகள் மூலம் தேவ்குராடியாவில் உள்ள ஆலைக்குச் செல்கின்றன.

இத்தகைய நிலையம் ஒன்றை எப்படி அளவிட்டு வடிவமைப்பது என்பதை ஒரே ஒரு கணக்கின் வழியாக இந்தக் கட்டுரை விளக்குகிறது. கணக்கில் வரும் எண்கள் ஒரு நடுத்தர நிலையத்துக்கு நாம் எடுத்துக்கொள்ளும் அனுமானங்கள். உங்கள் ஊருக்குக் கணக்கிடும்போது அங்கே அளந்த எண்களை இவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிலையத்துக்கு ஒரு நாளில் 100 டன் குப்பை வருகிறது. அதில் 60 டன் மக்கும் குப்பை, 40 டன் மக்காத குப்பை. நூறு சிறிய டிப்பர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் நடுவே தடுப்பு வைத்த தொட்டி கொண்டது. ஒரு சுற்றுக்கு 300 கிலோ மக்கும் குப்பையும் 200 கிலோ மக்காத குப்பையும் ஏற்றி, நாளுக்கு இரண்டு சுற்று வருகிறது. ஆலை 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மாற்று நிலையம் இல்லாவிட்டால் இந்த 200 நடைகளும் சேர்ந்து ஆலைக்கும் திரும்பவும் மட்டும் 10,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். நிலையம் இருந்தால், பின்னால் நாம் காணப்போவது போல, பெரிய லாரிகளின் 12 நடைகளில், அதாவது 600 கிலோமீட்டரில், வேலை முடிந்துவிடுகிறது.

எத்தனை வண்டிகள் ஒரே நேரத்தில் கொட்ட வேண்டும்

புதிதாக வடிவமைப்பவர் முதலில் செய்யும் கணக்கு பெரும்பாலும் சராசரிக் கணக்காகவே இருக்கும். எட்டு மணி நேரத்தில் 200 வண்டி என்றால் மணிக்கு 25 வண்டி. ஒரு டிப்பர் பின்பக்கமாக ஹாப்பரை நெருங்கி, தொட்டியை உயர்த்திக் கொட்டி, ஒட்டியிருப்பதைத் தட்டிவிட்டு நகர ஏறத்தாழ மூன்று நிமிடம் ஆகும். எனவே ஒரு கொட்டுமிடம் மணிக்கு 20 வண்டிகளைக் கையாளும். ஒவ்வொரு வண்டியும் இரு வகைக் குப்பையையும் தனித்தனியே கொட்ட வேண்டும் என்பதால், மக்கும் குப்பைக்கு இரண்டு, மக்காத குப்பைக்கு இரண்டு எனக் கொட்டுமிடங்கள் அமைத்தால் ஒவ்வொரு வகைக்கும் மணிக்கு 40 வண்டிகள் என்ற திறன் கிடைக்கிறது. இருபத்தைந்துக்கு நாற்பது என்பது தாராளமாகத்தான் தெரியும்.

ஆனால் வண்டிகள் சராசரியாக வருவதில்லை. எல்லா வண்டிகளும் காலை ஆறரை மணியளவில் ஒன்றாகப் புறப்படுகின்றன. எல்லாத் தொட்டிகளும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நிரம்புகின்றன. ஆகவே முதல் சுற்றின் நூறு வண்டிகளும் ஒன்பது மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் வந்து சேரும். மணிக்கு 50 வண்டி வர, 40 மட்டுமே கொட்டிவிட்டுப் போகும். முதல் மணியின் முடிவில் பத்து வண்டிகளும் இரண்டாம் மணியின் முடிவில் இருபது வண்டிகளும் காத்திருக்கும். ஒரு வண்டிக்கு இடைவெளியோடு சேர்த்து ஆறு மீட்டர் என்று வைத்தால் 120 மீட்டர் நீளமுள்ள வரிசை வாசலைத் தாண்டிச் சாலையில் நிற்கும். கடைசியில் நிற்பவர் அரை மணி நேரம் காத்திருப்பார். அந்தத் தாமதம் இரண்டாவது சுற்றில் ஒரு தெருவின் குப்பை எடுக்கப்படாமல் போவதாக முடியும். நிலையத்தைச் சுற்றி வாழ்பவர்கள் முதலில் எழுப்பும் புகார் பெரும்பாலும் இந்த வரிசையைப் பற்றியதாகவே இருக்கும், நாற்றமும் அந்த வரிசையில்தான் நிற்கிறது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கொட்டுமிடங்களை அதிகரிப்பது. மணிக்கு 50 வண்டிக்கு ஒவ்வொரு வகைக்கும் மூன்று இடங்கள் தேவை. மற்றொன்று, வண்டிகள் புறப்படும் நேரத்தை மாற்றுவது. பாதி வார்டுகளை ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்கச் செய்தால் நூறு வண்டிகள் மூன்று மணி நேரத்தில் பரவும்; நடு மணி நேரத்தில் மட்டும் 50 வண்டி வந்து பத்து காத்திருக்கும், அடுத்த மணி நேரத்தில் அதுவும் தீர்ந்துவிடும்; இரண்டு இடங்களே போதும் என்ற நிலை வரும். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் அட்டவணையைத் திருத்திப் பார்ப்பதே அறிவுடைமை என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் அட்டவணையை மட்டும் நம்பிக் கட்டிடத்தைச் சுருக்கிவிடக் கூடாது. பண்டிகை மறுநாளில் குப்பை பெருகும், மழை நாளில் வண்டிகள் தாமதமாக வந்து ஒன்றாகக் குவியும், ஒரு ஹாப்பர் பழுதாகும். ஆகவே ஒவ்வொரு வகைக்கும் இரண்டு ஹாப்பர்களும், ஒவ்வொரு ஹாப்பரிலும் இரண்டு டிப்பர்கள் அருகருகே நின்று கொட்டும் அகலமும் இருக்கும்படி அமைப்போம். ஒரு வகைக்கான நான்கு இடங்களில் பாதி நின்றுபோனாலும் மீதி இரண்டு கைகொடுக்கும். அதோடு, வளாகத்துக்குள்ளேயே பத்து வண்டிகள் நிற்கும் அளவுக்கு உள்வரிசைக்கு இடம் விட வேண்டும்.

அழுத்துவதால் எவ்வளவு கிடைக்கிறது

காம்பாக்டர் என்பது ஹாப்பருக்கு அடியில் பொருத்தப்பட்ட நீரழுத்த இயந்திரம். மேலே கொட்டிய குப்பை அதன் அறைக்குள் விழும். தடித்த இரும்புப் பலகை ஒன்று அதை முன்னே இணைக்கப்பட்டிருக்கும் மூடிய கன்டெய்னருக்குள் தள்ளி நெருக்கும். அழுத்தினால் இடம் மிச்சமாகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்தக் குப்பையில் எவ்வளவு மிச்சமாகும் என்பதுதான் வடிவமைப்பின் போக்கையே தீர்மானிக்கிறது.

நம் வீடுகளின் மக்கும் குப்பை காய்கறித் தோலும் சோறும் இலையும் நிறைந்தது. அழுத்துவதற்கு முன்பே அது கனமானது. ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 400 கிலோ இருக்கும். அழுத்தினால் 600 கிலோ அளவுக்கு வரும். 20 கன மீட்டர் கன்டெய்னரில் அழுத்தாமல் 8 டன் கொள்ளும், அழுத்தினால் 12 டன். ஆதாயம் ஒன்றரை மடங்குதான். இதற்கு மேல் நெருக்க முயன்றால் லாரி தாங்காது. மூன்று அச்சு லாரியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை நம் நாட்டில் சுமார் 28 டன். லாரியும் அதன் கொக்கிக் கையும் சேர்ந்து 10 டன்னும் இரும்புக் கன்டெய்னர் 4 டன்னும் எடுத்துக்கொண்டால், குப்பைக்கு மிஞ்சுவது 14 டன். மழையில் நனைந்த குப்பை கன மீட்டருக்கு 750 கிலோவாக ஏறினால், அதே கன்டெய்னர் 15 டன் ஆகி வரம்பை மீறிவிடும். பார்வைக்கு நேற்றைய கன்டெய்னரும் இன்றையதும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே மக்கும் குப்பையில் ‘நிரம்பியது’ என்பதை எடையால் சொல்ல வேண்டுமே தவிரக் கண்ணால் அல்ல. ஒவ்வொரு சிறிய வண்டியையும் வாசலில் எடை மேடையில் ஏற்றி, எந்த ஹாப்பருக்குப் போனது என்று குறித்துவந்தால், கன்டெய்னரில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது எந்த நேரமும் தெரியும்.

மக்காத குப்பையின் கதை நேர்மாறானது. பிளாஸ்டிக் உறையும் அட்டையும் பாட்டிலும் தளர்வாகக் கிடக்கும்போது கன மீட்டருக்கு 120 கிலோதான் தேறும். 20 கன மீட்டரில் அது இரண்டரை டன்கூட வராது. அழுத்தி 300 கிலோவாக்கினால் 6 டன் ஏறும். காம்பாக்டருக்குச் செலவிடும் பணம் உண்மையில் இங்கேதான் திரும்பி வருகிறது. ஆனால் ஒரு வரம்பு இங்கும் உண்டு. இந்தக் குப்பை ஆலையில் கையாலும் இயந்திரத்தாலும் பிரிக்கப்பட வேண்டியது. மிகக் கடுமையாக அழுத்தினால் கண்ணாடி உடைந்து காகிதத்துக்குள் பதியும். பாட்டிலும் உறையும் ஒட்டிக் கட்டியாகிவிடும். பிரிப்பவர்களின் வேலை இரட்டிப்பாகும். எனவே இயந்திரம் தரும் முழு அழுத்தத்தையும் பயன்படுத்தாமல், பிரிக்கும் ஆலையோடு பேசி அழுத்தத்தின் உச்ச அளவை நிர்ணயித்துக்கொள்வது நல்லது.

லாரிகளை விடக் கன்டெய்னர்களே முக்கியம்

ஒரு நாளின் 60 டன் மக்கும் குப்பைக்கு 12 டன் வீதம் 5 கன்டெய்னர்கள். 40 டன் மக்காத குப்பைக்கு 6 டன் வீதம் 7 கன்டெய்னர்கள். ஆக 12 நடைகள். நகரச் சாலையில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால், போக ஒரு மணி, வர ஒரு மணி. ஆலையில் எடைபோட்டு இறக்க அரை மணி. இங்கே கன்டெய்னரை இழுத்து ஏற்றி இறக்கக் கால் மணி. ஒரு நடைக்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆகிறது. ஒரு லாரி எட்டேகால் மணி நேரத்தில் மூன்று நடை போகும். நான்கு லாரிகள் இருந்தால் 12 நடைகள் முடியும்.

இந்தக் கணக்கிலும் சராசரியின் பொறி ஒளிந்திருக்கிறது. ஒன்பதிலிருந்து பதினொரு மணி வரையிலான நெரிசலில் மட்டும் 30 டன் மக்கும் குப்பையும் 20 டன் மக்காத குப்பையும் வந்து சேர்கின்றன. முன்னதற்கு இரண்டரைக் கன்டெய்னர், பின்னதற்கு மூன்றேகால் கன்டெய்னருக்குச் சற்று மேல்; ஏறத்தாழ ஆறு. முதலில் நிரம்பிய கன்டெய்னரோடு பத்து மணிக்குப் புறப்பட்ட லாரி பன்னிரண்டரைக்கு முன் திரும்பப் போவதில்லை. நிரம்பிய ஒவ்வொன்றுக்கும் லாரி காத்திருக்க வேண்டும் என்றால் ஆறு லாரிகள் தேவைப்படும். அவற்றில் இரண்டு மதியத்துக்குப் பின் சும்மா நிற்கும்.

இந்த இடத்தில்தான் கழற்றி மாட்டும் கன்டெய்னரின் பயன் தெரிகிறது. நிரம்பிய கன்டெய்னரைக் காம்பாக்டரிலிருந்து பிரித்து வளாகத்தின் ஓரத்தில் இறக்கிவிட்டு, காலியான ஒன்றைப் பொருத்தினால் கொட்டும் வேலை தொடரும். லாரி வந்தபின் அது போகலாம். நான்கு காம்பாக்டர்களில் நான்கு கன்டெய்னர்கள், சாலையில் நான்கு, நிரம்பிக் காத்திருப்பவை இரண்டு, பழுதுக்கு மாற்றாக ஒன்று என, மொத்தம் 11 கன்டெய்னர்களும் நான்கு லாரிகளும் போதும். ஓட்டுநரும் எஞ்சினும் டயரும் இல்லாத இரும்புப் பெட்டி, லாரியைவிடப் பல மடங்கு மலிவானது. ஆனால் காலிக் கன்டெய்னர்களை வைக்கவும் எடுக்கவும் தரை வேண்டும். ஹூக் லோடர் லாரி நேர்கோட்டில் பின்வாங்கித்தான் கன்டெய்னரைக் கொக்கியால் இழுக்க முடியும். ஆகவே ஒவ்வொரு கன்டெய்னருக்கும் முன்னால் லாரியின் முழு நீளத்துக்கும் கூடுதலான தடையற்ற இடம் இருக்க வேண்டும். நிலத்தைச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இந்தத் தரைதான். அது வெட்டுப்பட்ட நிலையத்தில், காம்பாக்டர் நன்றாக ஓடியும், பத்து மணிக்கு எல்லாம் நின்றுபோகும்.

நான்கு லாரிகளுக்கு மூன்று நடை வீதம் என்பதில் மிச்சம் எதுவும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு லாரி நின்றால் மூன்று நடைகள், ஏறத்தாழ 25 டன் குப்பை, இரவு தங்கிவிடும். அருகிலுள்ள நிலையங்களுக்குப் பொதுவாக ஒரு மாற்று லாரி வைத்திருப்பது அவசியம்.

இன்னொரு நுணுக்கம் இயக்குபவர்களுக்கு உரியது. ஒரே வகைக்கான இரண்டு ஹாப்பர்களுக்கும் வண்டிகளைச் சமமாகப் பிரித்து அனுப்பினால், இரண்டு கன்டெய்னர்களும் ஒரே நேரத்தில் நிரம்பி, ஒரே நேரத்தில் மாற்றப்பட வேண்டியதாகிவிடும். அந்தக் கால் மணி நேரம் அந்த வகைக் குப்பையைக் கொட்ட இடமே இருக்காது. காலையில் முதலில் வரும் சில வண்டிகளை ஒரே ஹாப்பருக்கு அனுப்பி, ஒரு கன்டெய்னர் மற்றதைவிடப் பாதி முன்னே இருக்கும்படி பார்த்துக்கொண்டால் இது நேராது.

மேடும் கூரையும்

சிறிய வண்டிகள் மேல்தளத்தில் நின்று கொட்ட, பெரிய லாரிகள் கீழ்த்தளத்தில் இயங்குவதே வழக்கமான அமைப்பு. மேல்தளம் மூன்றரை மீட்டர் உயரம் என்றால், பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் சாய்தளம் 42 மீட்டர் நீளும். பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர வண்டிகளும் இங்கே கொட்ட வருமானால், சுமையோடு அவை ஏறும் சரிவை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஏறும் வழியும் இறங்கும் வழியும் தனித்தனியாக, சிறிய வண்டியின் பாதை பெரிய லாரியின் பாதையை எங்கும் குறுக்கிடாமல் இருக்க வேண்டும். ஹாப்பர் விளிம்பில் சக்கரத் தடுப்பும், இடையில் ஆள் விழாதபடி கம்பித் தடுப்பும் கட்டாயம்.

கூரையின் உயரம் வரைபடத்தில் எளிதில் தவறிப்போகும் இடம். நிற்கும் வண்டிக்கு ஏற்பக் கூரை போட்டால் போதாது. மேல்தளத்தில் டிப்பரின் தொட்டி முழுவதும் உயர்ந்த நிலையையும், கீழ்த்தளத்தில் ஹூக் லோடரின் கை கன்டெய்னரைச் சாய்த்துத் தூக்கும் உச்ச நிலையையும் அளந்து, அதற்கு மேல் இடைவெளி விட வேண்டும்.

கசிவுநீர்

மக்கும் குப்பையை அழுத்தும்போது அதிலுள்ள நீர் பிழிந்து வெளியேறுகிறது. எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு என்று எடுத்துக்கொண்டால் 60 டன்னிலிருந்து 1,800 லிட்டர் வரும்; தளத்தையும் ஹாப்பரையும் கழுவும் நீரும் சேர்ந்தால் நாளுக்கு 5,000 லிட்டர் அளவு. இரண்டு நாள் தாங்கும்படி 10,000 லிட்டர் தொட்டி அமைத்து, அதைச் சுத்திகரிப்புக்கு அனுப்ப வேண்டும். மழைநீர் வடிகாலில் இது ஒரு துளியும் சேரக் கூடாது.

ஆனால் அந்தத் தொட்டியைத் தோற்கடிப்பது பெரும்பாலும் மழைதான். 600 சதுர மீட்டர் திறந்த தளத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 60,000 லிட்டர் நீர் சேரும். வடகிழக்குப் பருவமழையில் சென்னையும் கடலோர மாவட்டங்களும் ஒரே நாளில் இவ்வளவு மழையைக் காண்பது உண்டு. குப்பை விழுந்த தரையில் படும் அந்த நீர் முழுவதும் கசிவுநீராகவே கருதப்பட வேண்டும். தொட்டியைப் போல ஆறு மடங்கு அது. எந்தத் தொட்டியும் இதற்கு ஈடுகொடுக்காது. கொட்டுமிடம் முழுவதும் கூரைக்குள் இருப்பதும், கூரைநீர் தனிக் குழாயில் வெளியேறுவதும், வெளித்தரையின் மழைநீர் உள்ளே புகாதபடி வாசலில் சிறு மேடு அமைப்பதுமே தீர்வு.

கன்டெய்னரிலும் நீர் இருக்கும். அதன் கதவின் ரப்பர்ப் பட்டை தேய்ந்துவிட்டால், ஆலை வரையிலான சாலை முழுவதும், குறிப்பாக வேகத்தடைகளிலும் திருப்பங்களிலும், கறுத்த ஈரக்கோடு விழும். அதைச் சாலையில் கண்டுபிடிப்பதற்கு முன் வளாகத்திலேயே கண்டுபிடிக்கலாம். நிரம்பிய கன்டெய்னரை உலர்ந்த தரையில் பத்து நிமிடம் நிறுத்தி, கதவடியில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்தபின் அனுப்பினால் போதும். அந்தச் சோதனைக்குரிய தரையிலிருந்து கசிவுநீர்த் தொட்டிக்கு வடிகால் செல்ல வேண்டும்.

நிலையம் ஓடத் தொடங்கியதும், ஒவ்வொரு டிப்பரும் வாசலில் நுழைந்த நேரத்தையும் வெளியேறிய நேரத்தையும் பதிவு செய்து, காலை நெரிசல் நேரத்துக்கு மட்டும் தனியாகக் கணக்கிட வேண்டும். எடைபோட்டு, இரு ஹாப்பர்களிலும் கொட்டி வெளியேற நம் அமைப்பில் பத்து நிமிடம் போதும். அது இருபதை எட்டினால், கொட்டுமிடம் நிரம்பிக் கிடக்கிறதா, அல்லது கன்டெய்னர் மாறும் வரை கொட்டுமிடமே மூடிக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்னதற்கு வார்டுகளின் நேரத்தை மாற்ற வேண்டும். பின்னதற்கு இன்னொரு காலிக் கன்டெய்னர் வாங்க வேண்டும்.